டெண்டர் திறப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

அரசுத் துறையோ உள்ளாட்சி அமைப்போ வெளியிடும் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் ஒரு விவரக்குறிப்பு புரியவில்லை என்றாலோ, ஒரு பக்கத்தில் உள்ளது இன்னொரு பக்கத்தோடு முரண்பட்டாலோ, விலை கொடுக்க நினைப்பவர் அதை எழுத்து மூலம் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் இதற்குச் சட்டத்தின் துணை உண்டு. ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கான 1998ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் கீழ் 2000இல் வந்த விதிகளும் இதற்கு வழி செய்கின்றன. ஒப்பந்தப்புள்ளி திறக்கப்படுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பாக ஒருவர் விளக்கம் கேட்டால், அதற்குப் பதில் அனுப்ப வேண்டியது டெண்டர் கோரும் அதிகாரியின் கடமை. அந்தப் பதிலின் நகல் ஆவணம் வாங்கிய அனைவருக்கும் போக வேண்டும். கேட்டவர் யார் என்பது மட்டும் அதில் இருக்கக் கூடாது.

இந்தக் கடைசி இரண்டு நிபந்தனைகளில்தான் விஷயமே இருக்கிறது. பதில் எல்லோருக்கும் போவதால் யாருக்கும் தனிச் சலுகை கிடைப்பதில்லை. கேட்டவர் பெயர் வெளிவராததால் யார் போட்டியில் இருக்கிறார் என்பது மற்றவர்களுக்குத் தெரிவதில்லை. ஒரு சிறு தொழிற்கூடத்துக்காரர் பெரிய நிறுவனத்துக்குச் சமமாக நின்று கேள்வி கேட்க முடிவது இதனால்தான்.

கேள்வி யாருக்குப் போக வேண்டும் என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். ‘டெண்டர் கமிட்டியிடம் கேட்கலாம்’ என்று பேச்சுவழக்கில் சொன்னாலும், கூராய்வுக் குழுவின் வேலை உறைகள் திறந்த பிறகுதான் தொடங்குகிறது. வந்த புள்ளிகளை ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பரிந்துரை செய்வது அதன் பொறுப்பு. அதற்கு முன்பு குழு உறுப்பினர் ஒருவரைத் தனியே போய்ப் பார்ப்பதோ, தெரிந்த பொறியாளர் என்று போனில் கேட்பதோ உதவாது. சில நேரம் அது செல்வாக்குத் தேடியதாகக் கருதப்பட்டுப் புள்ளி நிராகரிக்கப்படவும் இடம் உண்டு. ஆவணத்தின் முதல் பக்கங்களிலேயே டெண்டர் கோரும் அதிகாரியின் பதவி, அலுவலக முகவரி, மின்னஞ்சல் ஆகியவை இருக்கும். கடிதம் அந்தப் பதவியின் பெயருக்கே எழுதப்பட வேண்டும்.

மின்னணு டெண்டர் என்றால் முதலில் பார்க்க வேண்டியது தேதிகளின் பட்டியல். தமிழக அரசின் tntenders.gov.in தளத்தில் ஒவ்வொரு டெண்டரின் பக்கத்திலும் வெளியிட்ட நாள், புள்ளி சமர்ப்பிக்கக் கடைசி நாள், திறக்கும் நாள் ஆகியவற்றோடு Clarification Start Date, Clarification End Date என்று இரண்டு வரிகள் இருக்கும். அவை நிரப்பப்பட்டிருந்தால் அந்த நாட்களுக்குள் தளத்தின் வழியாகவே கேட்பது நல்லது, ஏனென்றால் கேட்ட நேரம் தானாகவே பதிவாகிவிடும். அவை காலியாக இருந்தால் மின்னஞ்சலும், ஒப்புகை பெறும் வகையில் அனுப்பிய தபாலும், நேரில் கொடுத்து முத்திரை பெற்ற நகலும் கைகொடுக்கும். ஆவணமே கேள்விக்கு ஒரு கடைசி நாளை முன்னதாக விதித்திருந்தால், 48 மணி நேரக் கணக்கைப் பார்த்துக்கொண்டிராமல் அந்த நாளுக்குள் கேட்டுவிடுவதே பாதுகாப்பு.

நாட்கள் எத்தனை கிடைக்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். தமிழக விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டர்களுக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 30 நாளும் அவகாசம் தரப்பட வேண்டும். காரணத்தை எழுத்தில் பதிந்து மேலதிகாரி அதைக் குறைக்கவும் முடியும். 15 நாளில் ஆவணத்தைப் படிக்க மூன்று நான்கு நாள் போய்விடும். துறை பதில் எழுத ஒரு வாரம் எடுக்கும். பதில் வந்த பிறகு விலையைத் திரும்பக் கணக்கிட இரண்டு நாளாவது வேண்டும். ஆகவே முதல் ஐந்து நாளுக்குள் கேள்வி போய்ச் சேர்ந்தால்தான் அந்தப் பதிலால் பயன் உண்டு.

ஒரு மாதிரி டெண்டரை எடுத்துக்கொண்டு பார்த்தால் கேள்வி எப்படி உருவாகிறது என்பது விளங்கும். ஒரு பேரூராட்சி குடிநீர் ஆழ்துளைக் கிணறுகளுக்கு நீர்மூழ்கி மோட்டார் பம்புகள் வாங்க டெண்டர் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொழில்நுட்ப விவரக்குறிப்பில் 7.5 குதிரைத்திறன் மோட்டார், மொத்த ஏற்ற உயரம் 120 மீட்டர், நிமிடத்துக்கு 300 லிட்டர் நீர், ஐ.எஸ். 8034 தரச்சான்று என்று போட்டிருக்கிறது. கோயம்புத்தூரில் பம்பு செய்யும் ஒருவர் இதைப் பார்த்ததும் ஏதோ இடிக்கிறது என்பதை உணர்ந்துவிடுவார். ஆனால் உணர்ந்தால் மட்டும் போதாது, காட்ட வேண்டும்.

கணக்கு எளிதானது. நிமிடத்துக்கு 300 லிட்டர் என்றால் நொடிக்கு 5 லிட்டர், அதாவது 5 கிலோ நீர். அதை நொடிதோறும் 120 மீட்டர் உயர்த்த, புவியீர்ப்பு எண்ணான 9.81ஐயும் சேர்த்துப் பெருக்கினால், ஏறக்குறைய 5.9 கிலோவாட் தேவைப்படுகிறது. 7.5 குதிரைத்திறன் மோட்டாரின் அச்சில் கிடைப்பதோ 5.6 கிலோவாட்தான். பம்பில் ஒரு துளி இழப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டால்கூட இது நடக்காது. நடைமுறையில் பம்பின் திறன் 60 சதவீதம் என்று எடுத்தால் 9.8 கிலோவாட், அதாவது சுமார் 13 குதிரைத்திறன் வேண்டும். சந்தையில் அதற்கு 15 குதிரைத்திறன் மோட்டாரைத்தான் கொடுக்க முடியும்.

அப்படியானால் மூன்று எண்களில் எது தவறு? ஆவணத்தின் பின்பகுதியில் இணைக்கப்பட்ட வரைபடத்தைப் பார்த்தால் விடை தெரிய வாய்ப்பு உண்டு. கிணற்றின் ஆழம் 120 மீட்டர் என்று அதில் இருக்கிறது. நீர்மட்டம் தரையிலிருந்து 45 மீட்டர் கீழே. மேல்நிலைத் தொட்டியில் நீர் விழும் உயரம் 15 மீட்டர். குழாய் உராய்வுக்கு 5 மீட்டர் சேர்த்தால் மொத்த ஏற்ற உயரம் 65 மீட்டர்தான் வருகிறது. அதே 60 சதவீதத் திறனில் 65 மீட்டருக்கு 5.3 கிலோவாட், கிட்டத்தட்ட 7.1 குதிரைத்திறன் போதும். 7.5 மோட்டார் சரியாகப் பொருந்துகிறது. கிணற்றின் ஆழத்தை ஏற்ற உயரத்துக்கான கட்டத்தில் தட்டச்சு செய்துவிட்டார்கள் என்பதே பெரும்பாலும் நிகழ்ந்ததாக இருக்கும். ஆனால் அதைத் தானே முடிவு செய்துகொண்டு விலை போடுவது பம்பு செய்பவரின் வேலை அல்ல. இன்னொருவர் 120 மீட்டரை மெய்யென்று எடுத்துக்கொண்டு பெரிய மோட்டாருக்கு விலை போட்டிருப்பார். கூராய்வுக் குழு இரண்டு விலைகளையும் ஒரே தட்டில் வைக்கும்போது யாருக்கோ அநீதி நேரும்.

இப்போது கடிதம். அது நீளமாக இருக்கத் தேவையில்லை. டெண்டர் எண், தேதி, பொருள் ஆகியவை முதலில். பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரிசை: பக்க எண், பிரிவு எண், ஆவணத்தில் உள்ள வாசகம் அப்படியே, அதோடு முரண்படும் இடம், பிறகு கேள்வி. பல துறைகளின் ஆவணங்களிலேயே இதற்கு ஓர் அட்டவணை இணைக்கப்பட்டிருக்கும். இருந்தால் அதை மாற்றாமல் பயன்படுத்த வேண்டும். மேற்சொன்ன பம்புக்கான கேள்வி இப்படி அமையலாம்: ‘தொழில்நுட்ப விவரக்குறிப்பில் மொத்த ஏற்ற உயரம் 120 மீட்டர் என உள்ளது. இணைப்பு வரைபடத்தின்படி நீர்மட்டம், தொட்டி உயரம், உராய்வு இழப்பு சேர்த்து 65 மீட்டர் வருகிறது. 120 மீட்டரில் நிமிடத்துக்கு 300 லிட்டர் எடுக்க நீரை உயர்த்துவதற்கு மட்டுமே 5.9 கிலோவாட் தேவை; குறிப்பிட்ட 7.5 குதிரைத்திறன் மோட்டாரின் வெளியீடு 5.6 கிலோவாட். மொத்த ஏற்ற உயரம் 65 மீட்டர் என்று கொள்ளலாமா, அல்லது உயரம் 120 மீட்டரே எனில் மோட்டார் திறன் மாற்றப்படுமா?’

இந்தக் கேள்வியில் கவனிக்க வேண்டியது, அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லிவிட முடிகிறது. பதில் எழுதப் போகும் உதவிப் பொறியாளர் தன் கோப்பைத் திறந்து ஒரு எண்ணைச் சரிபார்த்தால் போதும். ‘பம்பு விவரக்குறிப்பைத் தயவுசெய்து விளக்கவும்’ என்று மொட்டையாகக் கேட்டிருந்தால், ‘டெண்டர் நிபந்தனைகளின்படி’ என்ற இரண்டு சொல் பதில்தான் வரும். துறைகள் அந்தப் பதிலைக் கொடுப்பதை அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. கேள்வி எதைக் கேட்கிறது என்று தெரியாதபோது, ஆவணத்தை மாற்றிவிடும் ஒரு வாக்கியத்தை எழுத எந்த அலுவலரும் துணிய மாட்டார்.

அதே டெண்டரில் இன்னொரு வகைக் குழப்பமும் இருக்கலாம். விலைப்பட்டியலில் ‘பம்பு செட், பொருத்துதல் உட்பட, ஒரு எண்ணிக்கை’ என்று ஒரே வரி. மோட்டாருக்கான கேபிளும் கிணற்றுக்குள் இறங்கும் குழாயும் அந்த ஒன்றுக்குள் அடக்கமா, தனியா? கேபிள் எத்தனை மீட்டர்? இதில் முரண்பாடு எதுவும் இல்லை, வெறும் இடைவெளிதான். ஆனால் ஒப்பந்தத்துக்குப் பிறகு எழும் சச்சரவுகளில் பெரும்பகுதி இத்தகைய இடைவெளிகளில்தான் பிறக்கிறது. துறை ‘பொருத்துதல் என்றால் எல்லாம் சேர்த்துத்தானே’ என்று சொல்லும். ஒப்பந்ததாரர் தன் விலையில் அது இல்லை என்பார். கேட்பதற்கு ஒரு வரி போதும்: கேபிள், இறங்கு குழாய் ஆகியவை இந்த விலையில் அடக்கமா, ஆம் எனில் நீளத்தைக் குறிப்பிட்டு விலைப்பட்டியலில் தனி வரிகளாகச் சேர்க்க இயலுமா?

தெளிவு கேட்பதும் தளர்வு கேட்பதும் வேறு வேறு. ‘மூன்றாண்டு அனுபவம் என்பது எந்தத் தேதியிலிருந்து கணக்கிடப்படும்’ என்பது தெளிவு. ‘மூன்றாண்டை இரண்டாண்டாகக் குறைக்க வேண்டும்’ என்பது தளர்வு. இரண்டும் சட்டப்படி கேட்கக் கூடியவையே. தளர்வை மறுக்கத் துறைக்கு முழு உரிமை உண்டு; தெளிவுக்குப் பதில் தரக் கடமை உண்டு. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதினால், தளர்வுக்கான மறுப்போடு தெளிவுக்கான பதிலும் காணாமல் போய்விடும். தனித்தனிக் கேள்வியாக எழுதுவதே சரி.

பதில் எல்லோருக்கும் போகும் என்பதால் கேள்வியில் எதை வெளிவிடுகிறோம் என்பதும் முக்கியம். தன் விலை, தன் கொள்முதல் இடம், தான் மட்டும் கையாளும் தொழில்நுட்பம் ஆகியவற்றைக் கேள்விக்குள் வைப்பவர் அதைப் போட்டியாளர்களின் மேசையில் வைக்கிறார். பெயரை மறைத்தாலும் ‘எங்கள் இன்ன மாடலை ஏற்பீர்களா’ என்ற கேள்வி கேட்டவரை அடையாளம் காட்டிவிடும். அந்த மாடலின் பெயரைச் சொல்லாமல் அதன் அளவுகளைச் சொல்லிக் கேட்டால் அதே பதில் கிடைக்கும்.

பெரிய அல்லது சிக்கலான கொள்முதல்களில் கேள்விகளுக்கென்றே ஒரு கூட்டம் நடத்தப்படுகிறது. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், விலை மிகுந்த நுட்பக் கருவிகளுக்கும் முழுப் பொறுப்பையும் ஒருவரிடமே ஒப்படைக்கும் ஒப்பந்தங்களுக்கும் இத்தகைய முன்கூட்டத்துக்கு ஆவணத்திலேயே இடம் வைக்கச் சொல்கின்றன. அந்தக் கூட்டம் திறப்பு நாளுக்குப் போதுமான நாட்கள் முன்பாக நடக்க வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. கூட்டத்தில் ஓர் அதிகாரி வாய்மொழியாகச் சொன்னது ஆவணத்தின் பகுதி ஆகிவிடாது. நடவடிக்கைக் குறிப்பிலோ திருத்த அறிவிப்பிலோ வந்தது மட்டுமே கட்டுப்படுத்தும். எனவே கூட்டத்தில் கிடைத்த நல்ல பதில் குறிப்பில் இல்லை என்றால் அன்றே எழுதிக் கேட்டுவிட வேண்டும்.

பதில் வந்த பிறகும் வேலை முடிவதில்லை. விவரக்குறிப்பு மாறுகிறது என்றால் அது பதில் கடிதமாக மட்டும் இல்லாமல் முறையான திருத்த அறிவிப்பாக வர வேண்டும். தளத்தில் அது Corrigendum என்ற தலைப்பில் தெரியும். 120 மீட்டரை 65 ஆக்கியதாகக் கடிதம் சொல்லி, திருத்த அறிவிப்பு வராமல் விட்டால், கூராய்வுக் குழு கையில் எடுப்பது பழைய ஆவணமாக இருந்துவிடக் கூடும். அப்போது அறிவிப்பு வெளியிடுமாறு மீண்டும் ஒரு வரி எழுதுவது அவசியம். விலைப்பட்டியலே மாறியிருந்தால் தளத்திலிருந்து புதிய கோப்பைப் பதிவிறக்கி, கோப்பின் பெயரை மாற்றாமல், அதில்தான் நிரப்ப வேண்டும். முன்பே புள்ளியைச் சமர்ப்பித்துவிட்டவர்கள் கடைசி நேரத்துக்குள் திரும்பச் சமர்ப்பிக்க வேண்டும். திருத்தம் வந்ததைக் கவனிக்காமல் பழைய கோப்பிலேயே இருந்துவிட்டு வாய்ப்பை இழப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். சமர்ப்பிப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை தளத்தைப் பார்ப்பது இதைத் தவிர்க்கும். திருத்தம் விலையைப் பெரிதும் மாற்றுவதாக இருந்தால் கால நீட்டிப்பு கேட்பதும் நியாயமே.

பதிலே வராவிட்டால்? பலர் அந்த இடத்தில் ஒரு குறுக்கு வழியை எடுக்கிறார்கள். முகப்புக் கடிதத்தில் ‘ஏற்ற உயரம் 65 மீட்டர் என்ற அடிப்படையில் எங்கள் விலை’ என்று எழுதிவிடுகிறார்கள். இது நிபந்தனையோடு கூடிய புள்ளி. பெரும்பாலான ஆவணங்கள் அதை நேரடியாக நிராகரிக்கச் சொல்கின்றன. அதைவிட நினைவூட்டல் கடிதம் ஒன்றை அதே அதிகாரிக்கு அனுப்பி, அதன் நகலை அவருக்கு மேலுள்ள அலுவலருக்கும் அனுப்பி, ஒப்புகையை வைத்துக்கொள்வது மேல். விதிப்படி பதில் தரப்படவில்லை என்பதற்கு அந்தக் காகிதமே பின்னால் சான்று.

கேட்காமல் விடுவதன் விலையை 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு காட்டுகிறது. நாக்பூர் மெட்ரோ ரயில் கட்டுமான டெண்டரில், மெட்ரோ கட்டுமானத்தில் அனுபவம் வேண்டும் என்பது தகுதி. ஒரு கூட்டு நிறுவனம் சீனாவில் நகரங்களை இணைக்கும் ரயில் பாதை ஒன்றில் செய்த வேலையைக் காட்டியது. அது மெட்ரோ அல்ல என்று சொல்லி மெட்ரோ ரயில் கழகம் தகுதி மறுத்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் கழகத்தின் முடிவையே நிலைநிறுத்தியது. ஆவணத்தை எழுதியவருக்கே அதன் தேவை நன்கு தெரியும். அவர் கொள்ளும் பொருளில் தீய நோக்கமோ அறவே பொருந்தாமையோ இருந்தாலொழிய நீதிமன்றம் தன் பொருளை அதன் இடத்தில் வைக்காது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இரு பொருள் தரும் ஒரு வாசகத்தைத் தனக்குச் சாதகமாகப் படித்துக்கொண்டு புள்ளி போடுபவருக்கு இதன் பொருள் தெளிவானது: சச்சரவு என்று வந்தால் துறை கொண்ட பொருள்தான் பெரும்பாலும் நிற்கும்.

அதனால்தான் சிலர் வேண்டுமென்றே மௌனமாக இருப்பதும் ஆபத்தாகிறது. ‘கேட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், கேட்காமல் மலிவான பொருளில் விலை போடலாம்’ என்ற எண்ணம் சில நேரம் வேலையைப் பெற்றுத் தரும். ஆனால் பொருளை ஒப்படைக்கும் நாளில், சோதனை செய்யும் பொறியாளர் 120 மீட்டரைக் காட்டி ஏற்க மறுத்தால், ஒப்பந்தக் காப்புத் தொகையும் போகும், அடுத்த டெண்டர்களில் பங்கேற்கும் உரிமையும் கேள்விக்குள்ளாகும்.

உறைகள் திறந்த பிறகு இருக்கும் வழிகள் குறுகியவை. கூராய்வின்போது துறை ஒருவரிடம் விளக்கம் கேட்கலாம். ஆனால் அந்த விளக்கத்தில் விலையை மாற்ற முடியாது. ஏற்பு ஆணையால் பாதிக்கப்பட்ட புள்ளிதாரர், 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, ஆணை கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்த மேல்முறையீட்டில் முன்பே எழுத்தில் கேட்ட கேள்வியும் அதன் ஒப்புகையும் வலுவான ஆவணங்கள். கேட்காமலே விட்ட ஐயத்துக்கு அங்கே செவி கிடைப்பது அரிது.